பத்தாம் மாதமா, பத்தாம் நாளா?

மைசூரு நகரில் தசரா விழா நெருங்கும்போது தங்கும் விடுதிகளில் அறை கிடைப்பது அரிதாகிவிடும். விஜயதசமி நாளன்று அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை செல்லும் ஜம்பு சவாரி என்னும் யானை ஊர்வலத்தைக் காணப் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் வருவர். ஆகவே, பல வாரங்களுக்கு முன்னரே அறையைப் பதிவுசெய்து வைப்பது வழக்கம். அப்பதிவுத் தாளில் உள்ள வருகை நாளை ஒருவர் தவறாகப் படித்துவிட்டால், விழா நாளில் அவருக்கு உரிய அறை வெறுமையாகக் கிடக்கும். அவர் வந்து சேரும் நாளிலோ விழாவே முடிந்திருக்கும்.

2024ஆம் ஆண்டில் இவ்விழா அக்டோபர் 3ஆம் நாள் தொடங்கி 12ஆம் நாள் ஊர்வலத்துடன் நிறைவுற்றது. அவ்வாண்டில் நிகழக்கூடிய ஒரு சூழலைச் சான்றாகக் கொள்க. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பணிபுரியும் ஒருவர், மதுரையில் வாழும் தம் தாய்தந்தையர் தசராவைக் காண வேண்டுமென்று விரும்புகிறார். அங்குள்ள ஒரு பயண முகவர் வழியாக மைசூருவில் ஓர் அறையைப் பதிவுசெய்கிறார். முகவர் ஆங்கிலத்தில் அனுப்பிய உறுதிக் கடிதத்தைத் தமிழில் மொழிபெயர்த்துப் பெற்றோருக்கு அனுப்புகின்றனர். தமிழ்க் கடிதத்தில் மூன்று வரிகள் உள்ளன:

வருகை நாள்: 10/11/2024
புறப்படும் நாள்: 10/12/2024
தங்கும் இரவுகள்: 1

மொழிபெயர்த்தவர் சொற்கள் அனைத்தையும் செம்மையாகத் தமிழாக்கியிருக்கிறார். எண்களை மட்டும் உள்ளவாறே விட்டுவிட்டார். எண்ணுக்கு மொழியில்லை, அதை மாற்ற வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். தவறு அங்கேதான் நிகழ்ந்தது. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதி, நாளை அடுத்து எழுதுவர். ஆகவே, முகவர் எழுதியது அக்டோபர் 11. இந்தியாவில் நாளை முதலில் எழுதி, மாதத்தை அடுத்து எழுதுகிறோம். ஆகவே, மதுரையில் உள்ள தந்தை படிப்பது நவம்பர் 10. எண்கள் மாறவில்லை, அவற்றின் பொருள் மாறிவிட்டது.

தந்தை முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தொடர்வண்டிக்கு இடம் பதிவுசெய்கிறார். தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாக மைசூருவுக்கு இரவு நேர விரைவு வண்டி ஒன்று உண்டு. நவம்பர் 9ஆம் நாள் மாலை ஏறினால் 10ஆம் நாள் காலை மைசூருவில் இறங்கலாம் என்று அவர் கணக்கிடுகிறார். உண்மையில் அவர்கள் ஏறியிருக்க வேண்டிய நாள் அக்டோபர் 10. அக்டோபர் 11ஆம் நாள் இரவு வரை விடுதியினர் அவர்களுக்காகக் காத்திருந்து, வராதவர் என்று பதிவேட்டில் குறித்துக்கொள்வர். செலுத்திய பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. முதியவர்களுக்குப் பணத்தைவிட விழாவைக் காணாமற்போனதே பெரிய இழப்பாக இருக்கும்.

இக்குழப்பம் எல்லா நாள்களுக்கும் நேர்வதன்று. மைசூருவின் மானசகங்கோத்ரியில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 17/7/1969 அன்று நிறுவப்பட்டது. இதை எந்த நாட்டவர் படித்தாலும் ஜூலை 17 என்றே படிப்பர். ஏனெனில், பதினேழாம் மாதம் என்று ஒன்று இல்லை. 2023ஆம் ஆண்டின் ஜம்பு சவாரியும் அவ்வாறே அக்டோபர் 24ஆம் நாள் நடைபெற்றதால், 24/10, 10/24 ஆகிய இரண்டு வடிவங்களிலும் ஒரே பொருளைத் தந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 12ஆம் நாளும், அதற்கடுத்த ஆண்டு அக்டோபர் 2ஆம் நாளும் விஜயதசமி வந்தபோது அந்தப் பாதுகாப்பு இல்லாமற்போனது. 10/12 என்பது டிசம்பர் 10 ஆகவும், 10/02 என்பது பிப்ரவரி 10 ஆகவும் தோன்றக்கூடும்.

ஓர் ஆண்டில் இத்தகைய ஐயத்திற்குரிய நாள்கள் எத்தனை என்பதை எளிதாகக் கணக்கிடலாம். ஒவ்வொரு மாதத்திலும் முதல் பன்னிரண்டு நாள்களின் எண்கள் மாதத்தின் எண்ணாகவும் இருக்க இயலும். பன்னிரண்டு மாதங்களுக்கு அவ்வாறு 144 நாள்கள் கிடைக்கின்றன. அவற்றுள் 1/1, 2/2, 3/3 என்று 12/12 வரையுள்ள பன்னிரண்டு நாள்களை எவ்வாறு படித்தாலும் பொருள் ஒன்றே. அவற்றைக் கழித்தால் 132 நாள்கள் எஞ்சும். அதாவது, ஆண்டில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட நாள்கள் இரு பொருள் தருவன.

நாளை முதலில் எழுதும் வழக்கம் இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளிலும் அவ்வாறே எழுதுகின்றனர். கனடாவில் இரண்டு முறைகளும் கலந்து வழங்குவதால், அங்கிருந்து வரும் கடிதத்தில் கூடுதல் கவனம் தேவை. ஜப்பானிலும் கொரியாவிலும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை வழங்குகிறது. இலங்கையின் அலுவலகத் தாள்களிலும் ஆண்டை முதலில் எழுதும் வழக்கம் உண்டு. 2024-10-11 என்று நான்கு இலக்க ஆண்டு முன்னே நின்றால், அடுத்து வருவது மாதம் என்று கொள்வதே எங்கும் உள்ள நடைமுறை. 1988ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டுத் தர வரையறையும் இவ்வரிசையையே ஏற்றுள்ளது.

தமிழர்களுக்கு இவ்வரிசை புதியதன்று என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். திருமண அழைப்பிதழ்களில் ஆண்டின் பெயர், மாதம், நாள், கிழமை என்று பெரியதிலிருந்து சிறியதை நோக்கியே எழுதுகின்றனர். பேச்சிலும் 'அக்டோபர் பதினொன்றாம் தேதி' என்று மாதத்தையே முதலில் சொல்கின்றனர். ஆனால், அதையே எண்களால் எழுதும்போது 11/10 என்று நாளை முன்னே வைக்கின்றனர். நாவில் ஒரு வரிசை, தாளில் வேறொரு வரிசை! தொலைபேசியில் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் பணியாளர், காதில் விழுந்த வரிசையிலேயே 10/11 என்று குறித்துவிட்டால், அமெரிக்கர் எவரும் இடையில் வராமலே அதே பிழை நேர்ந்துவிடும். பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்ப்போர் நாளைக் குறிக்கும்போது மாதத்தின் எண்ணை எழுதாமல் பெயரின் முதலெழுத்துகளை எழுதிக்கொள்வது இதனால்தான்.

இனி, பயிற்சி பெற்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் அந்த மூன்று வரிகளை எவ்வாறு அணுகுவார் என்பதைக் காண்போம்.

அவர் முதலில் கடிதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார். நியூஜெர்சியிலிருந்து வந்தது என்பது ஒரு குறிப்பு. ஆனால் அது மட்டும் சான்றாகாது. அமெரிக்க முகவர், இந்திய விடுதி அனுப்பிய தாளில் இருந்த எண்களை அப்படியே எடுத்தெழுதியிருக்கலாம் அல்லவா? எனவே, அடுத்ததாகக் கடிதம் முழுவதையும் படித்துப் பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண் எந்த நாளிலாவது உள்ளதா என்று தேடுவார். கடிதம் எழுதப்பட்ட நாள், பணம் செலுத்திய நாள், பதிவை நீக்குவதற்கான கடைசி நாள் ஆகியவை இதற்கு உதவும். பணம் செலுத்திய நாள் 08/23/2024 என்று இருந்தால், இருபத்து மூன்றாம் மாதம் இல்லையாதலால், அதை எழுதியவர் மாதத்தை முதலில் எழுதுபவர் என்று தெளியலாம். ஒரே கடிதத்தில் ஒரே கையால் எழுதப்பட்ட ஏனைய நாள்களும் அவ்வரிசையில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

பின்னர், இரவுகளைக் கணக்கிடுவார். இதுவே பெரும்பாலும் வலிமை மிக்க சான்று. மாதம் முதலில் என்று கொண்டால் வருகை அக்டோபர் 11. புறப்பாடு அக்டோபர் 12. இடையில் உள்ளது ஓர் இரவு. நாள் முதலில் என்று கொண்டால் வருகை நவம்பர் 10. புறப்பாடு டிசம்பர் 10. இடையில் முப்பது இரவுகள் உள்ளன. கடிதத்தின் மூன்றாவது வரி 'தங்கும் இரவுகள்: 1' என்று கூறுகிறது. ஆகவே, முதற்பொருளே பொருந்துகிறது. தந்தை இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் சேர்த்துப் படித்திருந்தால் அவருக்கே ஐயம் எழுந்திருக்கும். ஆனால், பயணம் செய்வோர் வருகை நாளை மட்டும் தேடிப் படிப்பது இயல்பு. அச்சுமையை அவர்மீது ஏற்றாமலிருப்பது மொழிபெயர்ப்பவரின் பொறுப்பு.

கிழமையும் உதவக்கூடும். மூலக் கடிதத்தில் வெள்ளிக்கிழமை என்று இருந்தால் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தால் போதும். 2024 அக்டோபர் 11 வெள்ளிக்கிழமை. அவ்வாண்டு நவம்பர் 10 ஞாயிற்றுக்கிழமை. ஐயம் நீங்கிவிடும்.

எனினும், கிழமைச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. ஆசிரியர் நாளான செப்டம்பர் 5ஐ எடுத்துக்கொள்க. 5/9 என்பதைத் திருப்பிப் படித்தால் மே 9 ஆகும். மே 9 முதல் செப்டம்பர் 5 வரை 119 நாள்கள். அதாவது சரியாக 17 வாரங்கள். எனவே, எந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும் அவ்விரு நாள்களும் ஒரே கிழமையில் வரும். 2024ஆம் ஆண்டில் இரண்டும் வியாழக்கிழமைகள். ஜூலை 11, நவம்பர் 7 ஆகிய இணைக்கும் இடைவெளி அதே 119 நாள்கள்தாம். மார்ச் 12, டிசம்பர் 3 ஆகிய இணைக்கு இடைவெளி 38 வாரங்கள். இத்தகைய இணைகளில் கிழமை பொருந்தியது என்று மகிழ்ந்துவிடுபவர் ஏமாறுவார். அங்கே இரவுக் கணக்கையே நம்ப வேண்டும்.

கிழமையைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். மூலத்தில் கிழமை இருந்தால் அது சான்று. மூலத்தில் இல்லாத கிழமையை மொழிபெயர்ப்பவர் தாமே நாட்காட்டியைப் பார்த்துச் சேர்த்தால் அது சான்று ஆகாது. நவம்பர் 10 என்று தவறாகப் படித்தவர் 'ஞாயிற்றுக்கிழமை' என்று அருகில் எழுதிவிட்டால், படிப்போர் கடிதத்திலேயே கிழமையும் இருந்ததாக எண்ணிப் பிழையை மேலும் உறுதியாக நம்பிவிடுவர். ஆகவே, நாள் இன்னதென்று வேறு வழியில் தெளிந்த பின்னரே கிழமையைச் சேர்ப்பது முறை.

இவ்வாறு தெளிந்தபின் எழுதுவது எளிது. மாதத்தைப் பெயரால் எழுத வேண்டும். ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுத வேண்டும். தமிழ்க் கடிதத்தில் 'வருகை: 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, புறப்பாடு: 2024 அக்டோபர் 12, சனிக்கிழமை, ஓர் இரவு' என்று அமைந்தால், மதுரையில் படித்தாலும் மைசூருவில் படித்தாலும் பொருள் ஒன்றே. விடுதியின் பொறுப்பாளருக்காகக் கன்னடத்தில் எழுதினாலும் இதே முறைதான். விமான நிறுவனங்களின் பதிவு முறையில் இவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கே நாள் 11OCT என்று குறிக்கப்படும். மூன்றே எழுத்துகள்தாம்; ஆனால், அவை இருப்பதால் பதினொன்றை எவரும் மாதம் என்று படிக்க இயலாது.

10/11/2024 என்பதை 11/10/2024 என்று மாற்றி எழுதினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். இந்திய வழக்கிற்கு அது சரியானதே. ஆனால், அக்கடிதத்தை அடுத்துப் படிப்பவர் யார் என்று மொழிபெயர்ப்பவருக்குத் தெரியாது. நியூஜெர்சியில் உள்ள மகன் அதைப் பார்த்து, தாம் பதிவுசெய்த நாள் மாறிவிட்டதாக அஞ்சலாம். மற்றொருவர், மூலத்தோடு ஒப்பிட்டு, எண்கள் இடம் மாறிவிட்டன என்று கருதி மீண்டும் 'திருத்தி' விடலாம். ஒருமுறை திருப்பியது மறுமுறையும் திருப்பப்பட்டால் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் திருப்புவதற்கு எதுவும் இராது.

கடிதத்தைவிடச் சிக்கலானது கணினிப் படிவம். பதிவு செய்யும் திரையில் நாளை நிரப்ப வேண்டிய கட்டத்தினுள் MM/DD/YYYY என்று மங்கலாக ஒரு குறிப்பு இருக்கும். MM என்பது மாதம். DD என்பது நாள். YYYY என்பது ஆண்டு. அத்திரையைத் தமிழாக்குபவர், தமிழர் நாளை முன்னே எழுதுவர் என்று கருதிக் குறிப்பை மட்டும் DD/MM/YYYY என்று மாற்றிவிடுவது பெரும் பிழை. உள்ளே இயங்கும் நிரல் இன்னும் முதல் எண்ணை மாதமாகவே கொள்ளும். பயனர் குறிப்பை நம்பி 11/10/2024 என்று நிரப்புவார். நிரலோ நவம்பர் 10 என்று பதிவுசெய்துகொள்ளும். பயனர்மீதும் தவறில்லை, நிரல்மீதும் தவறில்லை. எனவே, மொழிபெயர்ப்பாளர் குறிப்பைத் தொடும் முன்னர், நிரல் எவ்வரிசையை ஏற்கிறது என்று அதை எழுதியவரிடம் கேட்டறிய வேண்டும். இரண்டையும் ஒருசேர மாற்ற வேண்டும்; அல்லது, இரண்டையும் மாற்றாமல் விட வேண்டும். எண்களை நிரப்பச் சொல்லாமல் மாதத்தைப் பெயர்ப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்வது இவற்றினும் நல்ல வழி.

குழுவாக வருவோரின் பட்டியல் விரிதாளில் வரும்போது பிழை இன்னும் மறைவாக நிகழும். அமெரிக்க முகவர் ஒருவர் இருபது பேரின் வருகை நாள்களை எளிய உரைக் கோப்பாக அனுப்ப, மைசூருவில் இந்திய முறைக்கு அமைக்கப்பட்ட கணினியில் அது விரிதாளாகத் திறக்கப்படுகிறது எனக் கொள்க. 10/11/2024 என்பதைக் கணினி தயங்காமல் நவம்பர் 10 என்று ஏற்றுக்கொள்ளும். 10/13/2024 என்பதையோ அதனால் நாளாகக் கொள்ள இயலாது. வெறும் எழுத்துத் தொடராக விட்டுவிடும். இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். நாளாக ஏற்கப்பட்டவை கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும். ஏற்கப்படாதவை இடப்புறம் நிற்கும். ஒரே நிரலில் சில வலமாகவும் சில இடமாகவும் நின்றால், பார்ப்பவர் பெரும்பாலும் இடப்புறம் நிற்பவற்றையே பிழை என்று எண்ணித் திருத்தத் தொடங்குவார். உண்மையில், ஒழுங்காக வலப்புறம் நிற்பவையே திரும்பிப்போனவை. அங்குள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட, கோப்பை மூடிவிட்டு, மாதம் முதலில் என்று கணினிக்கு அறிவித்து மீண்டும் திறப்பதே பாதுகாப்பானது.

சில கடிதங்களில் எந்தச் சான்றும் கிடைக்காது. இரவுகளின் எண்ணிக்கையோ கிழமையோ இன்றி, 'வருகை 10/11/2024' என்ற ஒற்றை வரி மட்டும் இருக்கும். தசராவுக்குத்தான் வருவார்கள் என்று ஊகித்து அக்டோபர் 11 என்று எழுதிவிட மனம் விழையும். ஆனால், நவம்பரிலும் மைசூருவுக்கு மக்கள் வருவதுண்டு. இந்நிலையில் மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் எண்களை மாற்றாமல் எழுதி, 'மூலத்தில் நாள், மாத வரிசை தெளிவாக இல்லை. உறுதிசெய்யப்பட வேண்டும்' என்று அருகில் குறிப்பு எழுதுவார். பின்னர், அனுப்பியவரிடம் கேட்பார்.

கேட்கும் முறையிலும் ஒரு நுட்பம் உள்ளது. 'வருகை நாள் 10/11/2024 என்பது சரிதானா?' என்று கேட்டால், எதிர்முனையில் உள்ளவர் தம் வழக்கப்படி படித்துப் பார்த்து 'ஆம், சரிதான்' என்று உடனே விடை எழுதிவிடுவார். கேட்டவருக்கு ஒன்றும் தெளிவாகியிராது. 'விருந்தினர் வருவது அக்டோபர் 11 வெள்ளிக்கிழமையா, நவம்பர் 10 ஞாயிற்றுக்கிழமையா? மாதத்தின் பெயரை எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டால், 'ஆம்' என்ற ஒரு சொல்லால் அதற்கு விடை கூற இயலாது.